களிமண் படகும் கடைசிப் பதினைந்து நிமிடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு கிராமத்தின் மாலை நேரக் கற்றல் மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 22 பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிப்போம். இந்தப் பதிவு இரண்டு மாலைகளைப் பற்றியது. இரண்டிலும் அதே பிள்ளைகள், அதே வேலை. முதல் மாலையில் அமர்வை முடித்த விதம் தவறாகப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து அதே வேலையைத் திரும்பச் செய்தபோது, முடிவில் சில விளையாட்டுகளைச் சேர்த்தேன். எங்கே, எதனால் வித்தியாசம் வந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

வேலை இதுதான். ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் கடையில் கிடைக்கும் வண்ணக் களிமண் 100 கிராம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, உருண்டையாக உருட்டி வைத்திருந்தேன். குளத்துக் களிமண் தண்ணீரில் கரைந்து சேறாகிவிடும் என்பதால் அது உதவாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஒரு டப்பா நிறையக் கோலிகுண்டு. களிமண்ணைப் படகாகச் செய்ய வேண்டும். மூழ்காமல் யாருடைய படகு அதிகக் கோலிகுண்டுகளைத் தாங்குகிறதோ அந்தக் குழு வென்றது.

முதல் மாலை

அந்த மாலையில் இருந்த கலகலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் செய்த படகுகள் எல்லாம் தடித்த தட்டுகள்போல இருந்தன; மூன்றாவது கோலிகுண்டிலேயே கவிழ்ந்தன. பிறகு ஒரு குழு சுவரை மெல்லியதாக இழுத்து உயர்த்தியது. அதைப் பார்த்து மற்றவர்களும் உயர்த்தினார்கள். கடைசிக் கணக்கு 3, 6, 7, 9, 12. பன்னிரண்டு தாங்கிய குழு தொட்டியைச் சுற்றி ஆடியது. மணி ஆறு ஐம்பது.

நேரமாகிவிட்டதே என்று களிமண்ணைத் திரும்ப உருட்டி டப்பாவில் போடச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"படகு செய்யக் கற்றுக்கொண்டோம், அக்கா." "கோலிகுண்டு எண்ணினோம்." "எங்கள் குழுதான் ஜெயித்தது." ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் பாடப் புத்தகத்தின் குரலில் சொன்னான்: "கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்." அவன் ஏதோ அறிவியலாகச் சொல்லிவிட்டான் என்ற நிம்மதியில் "சரி, அருமை" என்று சொல்லி அமர்வை முடித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அவன் சொன்னது தவறு. நாங்கள் செய்த வேலை தவறென்று காட்டியிருக்க வேண்டிய கருத்தே அதுதான். 100 கிராம் உருண்டை தண்ணீரில் போட்டவுடன் அடியில் போய் உட்காரும். அதே 100 கிராம் படகானால், மேலும் 60 கிராம் கோலிகுண்டுகளைச் சுமந்துகொண்டு மிதக்கும். எடை கூடியும் மிதக்கிறது. ஆனால் பிள்ளைகளின் கண்ணில் பட்டது வேறு. கோலிகுண்டு போடப் போட, கடைசியில் ஒன்று கூடுதலானதும் படகு மூழ்கியது. அதிலிருந்து "கனம் கூடினால் மூழ்கும்" என்ற முடிவுக்குத்தானே யாரும் வருவார்கள்? ஒரு மணி நேர உழைப்பு, அவர்கள் கொண்டுவந்த தவறான எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கி அனுப்பியிருக்கிறது. நானும் அதற்கு "அருமை" என்று முத்திரை குத்தியிருக்கிறேன்.

கைகளுக்கு வேலை கொடுக்கும் எந்த அமர்விலும் இந்த ஆபத்து இருக்கிறது. செய்தது நினைவில் நிற்கும். அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது, யாராவது தோண்டிப் பார்க்கும்வரை வெளியே வராது.

என்ன மாற்றினேன்

முதலில் மாற்ற வேண்டியிருந்தது கடைசிப் பகுதியை அல்ல, தொடக்கத்தை. வேலைக்குள் இல்லாத சான்றை எந்தச் சிந்தனை விளையாட்டாலும் வெளியே கொண்டுவர முடியாது. முதல் மாலையில் உருண்டை மூழ்குவதை யாரும் பார்க்கவே இல்லை. உருண்டையைக் கையில் கொடுத்ததும் படகாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இரண்டாவது மாலையில் ஒவ்வொரு குழுவும் தன் உருண்டையைத் தண்ணீரில் போட்டு, அது மூழ்குவதைப் பார்த்து, எடுத்துத் துடைத்த பிறகுதான் படகைத் தொடங்கலாம் என்று வைத்தேன். போட்டியையும் திருத்தினேன்: மற்றக் குழுவை அல்ல, தங்கள் சென்ற முறைக் கணக்கை முந்த வேண்டும். வென்ற குழுவின் ஆட்டம் கடைசிப் பேச்சை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது.

அடுத்து, படகுகளை அழிக்க விடவில்லை. ஆறரை மணிக்கு வேலையை நிறுத்தி, கை கழுவி, தரையைத் துடைத்ததும், ஐந்து படகுகளையும் ஒரு தட்டில் வைத்து வட்டத்தின் நடுவே வைத்தேன். எல்லோர் கண்ணிலும் படும், யார் கைக்கும் எட்டாது. பக்கத்தில் யாரும் தொடாத ஓர் உருண்டை, அதுவும் 100 கிராம். முதல் மாலையில் களிமண்ணை டப்பாவில் அடைத்த பிறகு கேள்வி கேட்டேன் அல்லவா, அப்போது பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமே இருக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை எதிரில் பொருள் இருந்தால் "இதோ, இந்த இடத்தில்" என்று காட்டிப் பேசும். பொருள் இல்லாவிட்டால் "ஜாலியாக இருந்தது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவதாக, "என்ன கற்றீர்கள்" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். டெரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-ல் முன்வைத்த மூன்று கேள்விகள் இன்றும் பயிற்சி தருபவர்களிடையே புழங்குகின்றன: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. இவற்றின் பயன் வரிசையில் இருக்கிறது. நான் முதல் மாலையில் நேரே இரண்டாவது கேள்விக்குத் தாவினேன். நடந்ததையே அவர்கள் இன்னும் எடுத்து அடுக்கவில்லை. அதன் பொருளை எப்படிச் சொல்வார்கள்? அதனால் முதல் இரண்டு கேள்விகளுக்காக மூன்று விளையாட்டுகள் வைத்தேன்; மூன்றாவது கேள்வியை இன்னொரு நாளுக்குத் தள்ளினேன். அதற்கு மேல் வைத்தால் கடைசிப் பதினைந்து நிமிடமும் இன்னொரு பரபரப்பான அமர்வாகிவிடும்.

சிலை

முதல் விளையாட்டு பேச்சே இல்லாதது. ஒவ்வொரு குழுவும் தங்கள் வேலையில் நடந்த ஒரே ஒரு நொடியை உடம்பால் சிலையாகக் காட்ட வேண்டும். யோசிக்க ஒரு நிமிடம். கை தட்டியதும் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் அது எந்த நொடி என்று கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியாடிய உடம்புகளைத் திடீரென உட்காரவைத்துப் பேசச் சொன்னால் நடக்காது. உடம்பைக் கொண்டே அடங்க வைப்பதுதான் எளிது.

இரண்டு குழுக்கள் வெற்றி பெற்ற நொடியைக் காட்டின. அவற்றிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது குழு காட்டியதைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து, லேசாகக் குனிந்து படகாக நின்றான். இரண்டு சிறுமிகள் கோலிகுண்டுகளாக அவன் கைகளுக்குள் குந்தியிருந்தார்கள். நான்காமவள் அவன் ஒரு கையைப் பிடித்து உள்ளே மடக்குவதுபோல நின்றாள். யாருக்கும் புரியவில்லை. "நீ யார்?" என்று கேட்டார்கள். "படகின் சுவர் வளைந்து உள்ளே விழுந்ததே, அந்தத் தண்ணீர் நான்," என்றாள். அவன் கை மடங்கியதும் கோலிகுண்டுச் சிறுமிகளோடு அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல்: "கை விரிந்திருந்த வரைக்கும் நின்றான், மடங்கியதும் போய்விட்டான்."

அவளைப் பாராட்டவில்லை. அவள் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொல்லி, "அப்போது கோலிகுண்டு கூடியதா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை, கூடவில்லை. எண்ணிக்கை மாறாமல், உருவம் மாறியதால் மட்டும் மூழ்கிய படகு ஒன்று இப்போது எல்லோர் நினைவிலும் வந்துவிட்டது. "கனம் கூடினால் மூழ்கும்" என்பதில் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

ஏனென்றால் சங்கிலி

இரண்டாவது விளையாட்டுக்கு ஒரு துணிப்பந்து. முதலில் பந்தைப் பிடிப்பவர் "நாங்கள் ... செய்தோம்" என்று தொடங்க வேண்டும். அடுத்தவர் "அதனால் ... நடந்தது" என்று தொடர வேண்டும். மூன்றாமவர் "ஏனென்றால் ..." என்று முடிக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒரு சங்கிலி. பிறகு புதிய சங்கிலி.

இந்த விளையாட்டு கெட்டுப்போகும் வழிகள் எனக்கு நன்றாகத் தெரியும். பந்து வரும்வரை யாரும் யோசிப்பதில்லை. வந்ததும் முகம் வெளுத்து முன்னவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் பந்தைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு குசுகுசுவென்று பேசச் சொன்னேன். பந்தை வேண்டாம் என்று அடுத்தவருக்குத் தரும் உரிமையும் கொடுத்தேன். இன்னொன்று, பந்தைப் பிடித்தவர் உடனே பேசக் கூடாது. எல்லோரும் தொடையில் மூன்று முறை தாளம் தட்டிய பிறகுதான் பேச வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, தாமாகப் பேசுவதும் கூடுகிறது என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். மூன்று தாளம் எனக்காகத்தான். அது இல்லாவிட்டால் நானே இடையில் புகுந்து பதிலை முடித்துவைத்துவிடுவேன்.

முதல் சங்கிலி இப்படி வந்தது: "நாங்கள் அடியைத் தட்டையாக்கினோம்." "அதனால் ஒன்பது கோலிகுண்டு நின்றது." "ஏனென்றால்... ஏனென்றால் அது நல்ல படகு."

இப்படி ஒரு பதில் வரும்போது அதைத் திருத்தக் கூடாது. கேள்வியைச் சிறிதாக்க வேண்டும். தட்டிலிருந்த உருண்டையையும் அந்தக் குழுவின் படகையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டினேன். "இரண்டும் ஒரே எடை. படகில் உள்ள எது உருண்டையில் இல்லை?" மூன்று தாளம். "குழி," என்றான் ஒருவன். "காற்று," என்றாள் ஒருத்தி. "பெரிதாக இருக்கிறது, அக்கா. தண்ணீரில் நிறைய இடம் பிடிக்கிறது," என்றாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி, அதுவரை அந்த மாலையில் வாயே திறக்காதவள்.

"இடம் பிடிக்கிறது" என்ற சொல் கிடைத்த பிறகு சங்கிலிகள் மாறின. "நாங்கள் சுவரை உயர்த்தினோம், அதனால் பன்னிரண்டு தாங்கியது, ஏனென்றால் ஆழமாக இறங்கினாலும் தண்ணீர் உள்ளே வரவில்லை, நிறைய இடம் பிடித்தது." இதற்கு மேல், படகு பிடித்த இடத்தில் இருந்த தண்ணீர்தான் விலகிப் போகிறது என்பதையும், விலகிய தண்ணீரின் எடை படகும் கோலிகுண்டுகளும் சேர்ந்த எடைக்குச் சமமாக இருக்கும்வரை மிதக்கும் என்பதையும் நான்தான் சொன்னேன். அதை இந்த வயதில் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருப்பது அவர்கள் நேரத்தை வீணாக்குவது. அவர்கள் பிடித்த இழையின் நுனியில் நான் ஒரு முடிச்சுப் போட்டேன், அவ்வளவே.

ஒற்றையா இரட்டையா

மூன்றாவது விளையாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. புளியங்கொட்டையைக் கையில் மூடி வைத்து ஒற்றையா இரட்டையா என்று கேட்பது அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம். நான் அதைக் கருத்துக் கேட்கும் ஆட்டமாக மாற்றினேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு புளியங்கொட்டை. ஒரு வாக்கியம் சொல்வேன். சரி என்றால் மூடிய கையில் ஒன்று. தவறு என்றால் இரண்டு. முதுகுக்குப் பின்னால் வைத்துத் தீர்மானித்து, மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் திறக்க வேண்டும்.

இதற்கு முன் நான் தரையில் கோடு போட்டு, "சரி என்பவர் இந்தப் பக்கம், தவறு என்பவர் அந்தப் பக்கம்" என்று ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கருத்தின் பக்கம் ஓடவில்லை, தோழியின் பக்கம் ஓடினார்கள். மூடிய கை அதைத் தடுக்கிறது.

இந்த வாக்கியத்தை இரண்டு முறை கேட்டேன். அன்று மாலை வேலை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, சங்கிலி முடிந்த பிறகு ஒருமுறை. வாக்கியம் முதல் மாலையில் அந்தச் சிறுவன் சொன்னதேதான்: "கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்." தொடக்கத்தில் 19 பேர் கையில் ஒன்று, மூவர் கையில் இரண்டு. முடிவில் எட்டுப் பேர் கையில் ஒன்று, 14 பேர் கையில் இரண்டு.

எண்ணிக்கை மாறியதை வைத்து மட்டும் நான் மகிழ்ந்துவிடவில்லை. அக்கா இந்த வாக்கியத்தை மறுபடி கேட்கிறாள் என்றாலே அது தவறாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கும் பிள்ளைகள் உண்டு. அதனால் கையில் இரண்டு வைத்திருந்தவர்களிடம், "தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டி ஏன் என்று சொல்" என்றேன். ஒன்பது பேரால் முடிந்தது. ஐந்து பேர் பொருளை எடுத்துவிட்டு நின்றார்கள். ஒன்று வைத்திருந்த எட்டுப் பேரிடமும் அதையே கேட்டேன்; அதுதான் மிக முக்கியம், ஏனென்றால் இரண்டு வைத்தவர்களிடம் மட்டும் கேட்டால் எது சரியான விடை என்பது உடனே வெளிப்பட்டுவிடும். முதல் மாலையில் அந்த வாக்கியத்தைச் சொன்ன ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அந்த எட்டுப் பேரில் இருந்தான். "புத்தகத்தில் கல் மூழ்கும், இலை மிதக்கும் என்று இருக்கிறதே," என்றான். நியாயமான சான்றுதான். "கல்லை மாவாக இடித்துப் படகு செய்ய முடிந்தால்?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். இவன் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கொட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே மாலையில் எல்லாக் கையிலும் இரண்டு வந்தால்தான் நான் பயப்பட வேண்டும்.

மணி ஆறு ஐம்பத்தைந்து. கை கழுவியதிலிருந்து எண்ணினால் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. இதற்காக வேலை நேரத்தில் இருபது நிமிடத்தைக் குறைத்திருந்தேன். படகை மூன்றாம் முறை திருத்த இரண்டு குழுக்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவர்களுக்கு வருத்தம்தான். மூன்றாம் வகுப்பில் இருவருக்கு "ஏனென்றால்" வாக்கியம் வரவே இல்லை. அவர்களை விட்ட இடத்திலிருந்து சிலேட்டில் படம் வரையச் சொன்னேன். ஒருத்தி படகுக்குக் கீழே தண்ணீர் பள்ளமாக இருப்பதுபோல வரைந்திருந்தாள். அந்தப் பள்ளம் எந்த வாக்கியத்தையும்விடத் தெளிவாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து

மூன்றாவது கேள்வி, இனி என்ன என்பது, அதே மாலையில் கேட்டுப் பயனில்லை. தட்டில் படகு இருக்கும்போது எல்லோரும் படகைப் பற்றித்தான் பேசுவார்கள். படகே இல்லாத ஒரு நாளில் அந்த எண்ணம் வேறு பொருளுக்குத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் 20 பேர் வந்திருந்தார்கள். ஓர் எவர்சில்வர் கிண்ணம், ஓர் இரும்பு ஆணி. கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள், கிண்ணம்தான் கனம். எது மூழ்கும்?

கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். அதில் வியப்பில்லை; பாத்திரம் தேய்க்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கிண்ணம் மிதப்பது தெரியாதா? காரணத்தைக் கேட்டபோதுதான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தது. பதினொரு பேர் "இடம் பிடிக்கிறது" என்பதையோ "குழி" என்பதையோ எடுத்தார்கள். சிலர் "எவர்சில்வர் மிதக்கும், இரும்பு மூழ்கும்" என்றார்கள். மூன்று பேர், அவர்களில் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் ஒருவன், "ஆணி கூர்மையாக இருப்பதால் தண்ணீரைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது" என்றார்கள்.

அழகான காரணம். தவறுதான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடியது. நான் வாயைத் திறப்பதற்குள், சிலேட்டில் பள்ளம் வரைந்த சிறுமி ஆணியை எடுத்தாள். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த கிண்ணத்துக்குள் மெதுவாக வைத்தாள். கிண்ணம் ஒரு நூல் அளவு இறங்கி நின்றது.

எல்லோரும் தொடையில் தாளம் தட்டத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தச் சிறுவன் தொட்டியின் விளிம்பில் முகத்தை வைத்து, தண்ணீர்மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தான். "ஏனென்றால்," என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு, "இப்போது ஆணிக்கும் கிண்ணம்தான் இடம் பிடித்துக் கொடுக்கிறது, அக்கா," என்றான்.